ஜி லைனில் இருந்து பத்து மீட்டர்

தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் பலருக்குப் பட்டா எண் தூக்கத்தில் கேட்டாலும் வரும். புலப்படம் அப்படியில்லை. சர்வேயர்களும் பத்திர எழுத்தர்களும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் அந்தத் தாளை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, எண்களின் கூட்டத்தைக் கண்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். எல்லைத் தகராறு வந்த பிறகுதான் அது மறுபடியும் வெளியே வருகிறது.

அந்தத் தாளில் வயலின் எல்லையாக ஓடும் கோடுகளுக்கு எஃப் லைன் என்று பெயர். வயலின் குறுக்கே, வரப்போ வேலியோ எதுவும் இல்லாத இடத்தில், ஒரு கல்லில் இருந்து இன்னொரு கல்லுக்கு நேராகப் போகும் கோடுகளும் உண்டு. அவை ஜி லைன். தரையில் இப்படி ஒரு கோடு கண்ணுக்குத் தெரியாது, அளப்பதற்காகவே இழுத்தது. படத்தின் ஓரத்திலோ தனிப் பக்கத்திலோ லேடர் என்றொரு குறிப்பு இருக்கும். நடுவில் கீழிருந்து மேலாகச் சில எண்கள், அவற்றுக்கு இடப்புறமும் வலப்புறமும் வேறு சில எண்கள். நடுவில் இருப்பது ஜி லைன் வழியே நடந்த தூரம். பக்கத்தில் இருப்பது, அந்த இடத்தில் நின்று செங்குத்தாகத் திரும்பினால் எல்லையின் முனை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது.

நடுவில் 60, இடப்புறம் 10 என்று இருந்தால் பொருள் இதுதான்: முதல் கல்லில் இருந்து இரண்டாம் கல்லை நோக்கி 60 மீட்டர் நட, இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்பி 10 மீட்டர் போ, அங்கே எல்லை வளைகிறது. பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘ஒரு புள்ளிக்கும் நேர்க்கோட்டுக்கும் இடையே உள்ள தொலைவு’ என்ற தலைப்பில் வருவது இந்தப் பத்து மீட்டர்தான். மாணவர்கள் அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். சர்வேயர் அதே அளவை வெயிலில் டேப்பைப் பிடித்து எடுக்கிறார்.

பழைய புலப்படங்களில் இந்த எண்கள் மீட்டரில் இருக்காது, லிங்கில் இருக்கும். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1620 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சங்கிலியின் ஒரு கண்ணி அது. முழுச் சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள், ஒவ்வொன்றும் 7.92 அங்குலம். விநோதமான அளவாகத் தோன்றினாலும் கன்டர் நன்றாக யோசித்தே வைத்திருக்கிறார். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட். லிங்கில் அளந்து பெருக்கி, மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் சென்ட் கணக்கு கையில் வந்துவிடும். கணிப்பான் இல்லாத காலத்தில் இது சின்ன உதவி இல்லை.

சங்கிலி பிடித்தவர்களுக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. புள்ளியை இரண்டு எண்களாலும் கோட்டை ஒரு சமன்பாட்டாலும் எழுதலாம் என்ற யோசனை 1637-ல் ரெனே தெகார்த் வெளியிட்ட வடிவியல் நூலில் இருந்து கிளைத்தது. அதே காலத்தில் பியர் தெ ஃபெர்மாவும் தனியாக அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். இன்று பள்ளியில் போடும் இரண்டு அச்சுப் படம் அப்படியே தெகார்த்தின் நூலில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் அதைச் சீர்செய்தார்கள். நம் வயல்களுக்கு அது நெருங்கி வந்தது மிகச் சமீபத்தில்தான். டோட்டல் ஸ்டேஷனும் டி.ஜி.பி.எஸ். கருவியும் கல்லின் இடத்தை இரண்டு எண்களாகவே தருகின்றன. ஆனால் ஆவணத்தில் இருப்பது பழைய லேடர். எனவே அந்த இரண்டு எண்களை ‘நடந்த தூரம், தள்ளிய தூரம்’ என்று மாற்றத் தெரிய வேண்டியிருக்கிறது.

ஒரு கற்பனை வயலை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் சுலபமாக வரும்படி அமைத்தது. மற்றபடி நடப்பில் இருப்பது போலத்தான். வயலின் தென்மேற்கே எங்கோ ஓர் இடத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு கல்லையும் குறிக்கிறோம். A என்ற கல் (20, 10). B என்ற கல் (100, 70). இவை இரண்டுக்கும் நடுவே போவது ஜி லைன். எல்லை வளையும் இடத்தில் இருக்கும் P என்ற கல் (62, 54).

முதலில் ஜி லைனின் சமன்பாடு. A கல்லில் இருந்து B கல்லுக்குப் போக, கிழக்கே 80 மீட்டரும் வடக்கே 60 மீட்டரும் நகர வேண்டும். நேரே நடந்தால் 100 மீட்டர். கிழக்கே போகும் ஒவ்வொரு நான்கு மீட்டருக்கும் வடக்கே மூன்று மீட்டர் ஏறுகிறது, சாய்வு 3/4. இந்தக் கோட்டின் மேல் எந்த இடத்தில் நின்றாலும், A கல்லில் இருந்து வடக்கே வந்த தூரத்துக்கும் கிழக்கே வந்த தூரத்துக்கும் உள்ள விகிதம் இதே 3/4-ஆக இருக்க வேண்டும். கோட்டின் சமன்பாடு என்பது இந்த ஒரு நிபந்தனையை எழுத்தில் போடுவதுதான்:

(y − 10) / (x − 20) = 60 / 80

குறுக்கே பெருக்கிச் சுருக்கினால்

3x − 4y − 20 = 0

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். A கல்லின் எண்களைப் போட்டால் 60 − 40 − 20, பூஜ்யம். B கல்லுக்கு 300 − 280 − 20, அதுவும் பூஜ்யம். இரண்டு கல்லுக்கும் பூஜ்யம் வராவிட்டால் மேற்கொண்டு போகவே கூடாது. எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது.

பத்தாம் வகுப்பு மாணவர் இதையே y = mx + c என்ற வடிவில் எழுதப் பார்ப்பார். பார்த்தவுடன் சாய்வு தெரிவதால் அந்த வடிவம் பிடித்துப்போகிறது. நிலத்தில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு கல்லுக்கு நேர் வடக்கே இன்னொரு கல் இருந்தால், கிழக்கே நகர்ந்த தூரம் பூஜ்யம். சாய்வு கேட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். ax + by + c = 0 என்ற வடிவத்தில் b பூஜ்யமாகிவிடும், அவ்வளவுதான். கணக்கு நிற்காமல் ஓடும். தென்வடலாக அமைந்த வயல்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை என்பதால், தொடக்கத்திலேயே இந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இப்போது P கல். அதன் எண்களைச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் போட்டால் 186 − 216 − 20, அதாவது −50. பூஜ்யம் இல்லை, எனவே P கல் கோட்டின் மேல் இல்லை. அதுதான் முன்பே தெரியுமே என்று தோன்றும். ஆனால் இந்த −50 வெறும் ‘இல்லை’ என்ற பதிலோடு நிற்பதில்லை. எவ்வளவு தள்ளி என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அதை வெளியே எடுக்க, P கல்லில் இருந்து நேர் தெற்கே நடந்து பார்க்கலாம். கிழக்கு அளவு 62 மாறாது. x = 62 என்று சமன்பாட்டில் போட்டால் கோட்டின் மேல் y = 41.5. ஆகவே நேர் தெற்கே 12.5 மீட்டர் நடந்தால் ஜி லைனைத் தொடலாம். இந்த 12.5 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 50-ஐ y-யின் கெழுவான 4-ஆல் வகுத்தது. நேர் கிழக்கே நடந்தால் 50-ஐ 3-ஆல் வகுத்த தூரம், அதாவது 16.67 மீட்டர், போக வேண்டியிருக்கும். இரண்டுமே உண்மையான தூரங்கள். இரண்டுமே மிகக் குறுகிய தூரம் இல்லை, ஏனென்றால் இரண்டும் கோட்டைச் சாய்வாகச் சந்திக்கின்றன.

குறுகிய வழி செங்குத்து வழி. P கல், அதன் நேர் தெற்கே கோட்டின் மேல் உள்ள இடம், P கல்லில் இருந்து இறக்கிய செங்குத்தின் அடி, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய செங்கோண முக்கோணம். அதன் பெரிய பக்கம் 12.5. கோடு நான்கு கிழக்கே, மூன்று வடக்கே, ஐந்து நேராக என்று போவதால், இந்தச் சிறிய முக்கோணத்தின் பக்கங்களும் அதே 3, 4, 5 விகிதத்தில்தான் இருக்கும். செங்குத்துத் தூரம் பெரிய பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 12.5-இல் ஐந்தில் நான்கு பங்கு, 10 மீட்டர்.

செய்ததைத் திரும்பிப் பார்த்தால், 50-ஐ முதலில் 4-ஆல் வகுத்தோம், பிறகு 4-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தோம். நடுவில் வந்த 4 தானாகவே அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 50-ஐ 5-ஆல் வகுப்பது மட்டும். அந்த 5 என்பது 3-இன் வர்க்கத்தையும் 4-இன் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். எந்தக் கோட்டுக்கும் இப்படியே நடப்பதால் சூத்திரம் இப்படி நிற்கிறது:

d = |ax₁ + by₁ + c| / √(a² + b²)

கீழே இருக்கும் வர்க்கமூலத்தை மறந்துவிட்டு 50 என்றே விடை எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அது ஏன் தவறு என்று பார்க்க ஒரு வழி உண்டு. 3x − 4y − 20 = 0 என்பதை இரண்டால் பெருக்கி 6x − 8y − 40 = 0 என்று எழுதினாலும் அதே கோடுதான். ஆனால் P கல்லைப் போட்டால் இப்போது −100 வரும். கோடு அசையவில்லை, கல் அசையவில்லை, எண் மட்டும் இரட்டித்துவிட்டது. 36-ஐயும் 64-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10. 100-ஐ 10-ஆல் வகுத்தால் மறுபடியும் 10 மீட்டர். சமன்பாட்டை எழுதியவரின் விருப்பத்தை நீக்கிவிட்டு, தரையில் உள்ள தூரத்தை மட்டும் தருவதே அந்த வகுத்தலின் வேலை.

தரையில் இந்தச் செங்குத்தைப் பிடிப்பதற்குச் சர்வேயர்கள் கிராஸ் ஸ்டாஃப் என்ற எளிய கருவியை வைத்திருந்தார்கள். ஒரு கோலின் தலையில் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்த இரண்டு ஜோடிப் பிளவுகள் இருக்கும். ஒரு ஜோடி வழியே ஜி லைனைப் பார்த்து, இன்னொரு ஜோடி வழியே எல்லைக் கல் தெரியும்வரை கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் நகர்வார்கள். கருவி இல்லாத இடத்தில் டேப் மட்டுமே போதும். ஒருவர் டேப்பின் பூஜ்ய முனையை எல்லைக் கல்லின் மேல் அழுத்திப் பிடிக்கிறார். மற்றவர் டேப்பை இழுத்துப் பிடித்தபடி ஜி லைனாகக் கட்டிய கயிற்றின் மேல் மெல்ல நகர்கிறார். எண் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடியும் ஏறத் தொடங்கும். நின்ற இடத்தில் உள்ள எண்தான் செங்குத்துத் தூரம்.

இந்த முறையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. டேப் செங்குத்தில் இருந்து பத்து டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்துப் பிடித்தால் அவ்வளவு தவறு எளிதில் வரும். 10 மீட்டர் இருக்க வேண்டிய தூரம் 10.15 மீட்டராகக் காட்டும். பதினைந்து சென்டிமீட்டர்தான் கூடுதல். ஆனால் கோட்டின் மேல் நின்ற இடம் 1.76 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். தள்ளிய தூரம் அவ்வளவாகக் கெடுவதில்லை, நடந்த தூரம்தான் மோசமாகக் கெடுகிறது. பழைய லேடரில் ஒரு எண் சரியாகவும் மற்றது சற்று முன்பின்னாகவும் இருந்தால், சந்தேகம் முதலில் நடந்த தூரத்தின் மேல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடந்த தூரத்துக்கும் கணக்கு உண்டு. A கல்லில் இருந்து P கல் கிழக்கே 42, வடக்கே 44. ஜி லைன் ஒவ்வொரு மீட்டருக்கும் கிழக்கே 0.8, வடக்கே 0.6 போகிறது. 42-ஐ 0.8-ஆலும் 44-ஐ 0.6-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 33.6 + 26.4, சரியாக 60. ஆகவே லேடரில் இந்தக் கல்லுக்கு எழுத வேண்டியது 60-இல் 10.

இடமா வலமா?

இங்கேதான் அந்தக் கழித்தல் குறி பயன்படுகிறது. சூத்திரத்தில் மேலே உள்ள இரண்டு நெடுக்குக் கோடுகள் குறியைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. தேர்வுக்கு அது சரி, சர்வேயருக்குச் சரியில்லை. A கல்லில் இருந்து B கல்லைப் பார்த்து நடக்கும்போது, நாம் எழுதிய முறையில், இடப்பக்கம் உள்ள புள்ளிகளுக்கெல்லாம் கழித்தல் விடை வரும், வலப்பக்கம் உள்ளவற்றுக்குக் கூட்டல் விடை வரும். வயலில் (70, 40) என்ற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது என்றால், 210 − 160 − 20 = 30; ஐந்தால் வகுத்தால் 6. மரம் ஜி லைனுக்கு வலப்பக்கம் 6 மீட்டர். சமன்பாட்டின் எல்லா எண்களுக்கும் குறியை மாற்றி எழுதியிருந்தால் இடமும் வலமும் மாறிவிடும். அதனால் எந்தக் குறி எந்தப் பக்கம் என்பதை, பக்கம் தெரிந்த ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து முதலில் ஒருமுறை சோதித்துக்கொள்வது வழக்கம்.

இனி தகராறு. பக்கத்து நிலத்துக்காரர் புதிதாகக் கம்பிவேலி போட்டிருக்கிறார். எல்லைக் கல் இருந்த இடத்தில் இப்போது அவருடைய மூலைத் தூண் நிற்கிறது. தூணின் இடத்தைக் கருவி (63, 53) என்று காட்டுகிறது. கல்லின் எண்ணோடு ஒப்பிட்டால் கிழக்கே ஒரு மீட்டர், தெற்கே ஒரு மீட்டர் வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு எவ்வளவு நிலம் போனது என்று சொல்ல முடியாது. சமன்பாட்டில் போட்டால் 189 − 212 − 20 = −43; ஐந்தால் வகுத்தால் இடப்பக்கம் 8.6 மீட்டர். நடந்த தூரம் 60.2. லேடர் சொல்வது 60-இல் 10. தூண் நிற்பது 60.2-இல் 8.6. ஜி லைனை நோக்கி 1.4 மீட்டர் உள்ளே வந்திருக்கிறது.

A கல்லில் இருந்து P கல்லுக்கும், P கல்லில் இருந்து B கல்லுக்கும் எல்லை நேராகப் போகிறது என்றால், ஜி லைனை அடியாகக் கொண்ட அந்த முக்கோணத்தின் பரப்பு, 100 பெருக்கல் 10-இல் பாதி, 500 சதுர மீட்டர். வேலியின்படி 100 பெருக்கல் 8.6-இல் பாதி, 430. போனது 70 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் சென்ட். ஒரு தூண் ஒன்றரை மீட்டர்கூட நகரவில்லை, அதற்கே இவ்வளவு.

இந்தக் கணக்கில் 60.2 என்ற எண் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். தூண் ஜி லைனுக்கு இணையாக எவ்வளவு நகர்ந்தாலும், தள்ளிய தூரம் 10 மீட்டராகவே இருந்தால் முக்கோணத்தின் பரப்பு மாறாது. ஓரிடத்தில் இழந்தது இன்னோரிடத்தில் வந்துவிடும். எல்லைக்கோடு இடம் மாறியிருக்கும், ஆவணத்தில் உள்ள பரப்பு மட்டும் சரியாகவே இருக்கும். பட்டாவில் உள்ள ஏர்ஸ் கணக்கு சரியாக வருகிறது, ஆகவே எல்லையும் சரி என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சூத்திரம் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. கணக்கில் கோட்டுக்கு முடிவே இல்லை. இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். நிலத்தில் உள்ள சுவர் இரண்டு முனைகளுக்கு நடுவே முடிந்துவிடுகிறது. ஜி லைன் இருக்கும் இடத்தில் ஒரு மதில் இருப்பதாகவும், (7.4, 6.8) என்ற இடத்தில் ஒரு கிணறு இருப்பதாகவும் கொள்வோம். சமன்பாட்டில் போட்டால் −25, ஆகவே 5 மீட்டர். மதிலுக்கு ஐந்து மீட்டர் தள்ளிக் கிணறு என்று எழுதிவிடலாமா? நடந்த தூரத்தையும் பார்த்தால் −12 என்று வரும். செங்குத்தின் அடி, மதில் தொடங்கும் A கல்லுக்குப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் விழுகிறது. அங்கே மதிலே இல்லை. கிணற்றில் இருந்து மதிலுக்கு உண்மையான தூரம், A கல்லுக்கு உள்ள தூரம்தான். அது 13 மீட்டர். நடந்த தூரம் பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ கோட்டின் நீளத்தைத் தாண்டினாலோ, செங்குத்துத் தூரத்தை விட்டுவிட்டு அருகில் உள்ள முனைக்கு அளக்க வேண்டும். கணினி நிரல் எழுதுபவர்களும் இதே இடத்தில் கோட்டைவிடுவதுண்டு.

கைபேசியில் வரும் அட்டவெட்டு எண்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை, நேராக இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். விடை டிகிரியில் வரும். ஒரு டிகிரி அட்சம் ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர், தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு டிகிரி தீர்க்கம் 109 கிலோமீட்டரை ஒட்டி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், தப்பித்தோம். காஷ்மீரில் இதே வேலையைச் செய்தால் தீர்க்கத்தின் ஒரு டிகிரி 93 கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும்; செங்கோணம் என்று கணக்கு சொல்வது தரையில் செங்கோணமாகவே இருக்காது. அதைவிட முக்கியமாக, ஐந்தாம் தசம இடத்தில் ஓர் இலக்கம் மாறினாலே ஒரு மீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். சாதாரணக் கைபேசி வானம் திறந்த இடத்திலேயே சில மீட்டர் பிசகும். 1.4 மீட்டர் தகராறை அதை வைத்துத் தீர்க்க நினைப்பது வீண் வேலை.

டி.ஜி.பி.எஸ். கருவிகள் பொதுவாக யு.டி.எம். என்ற முறையில் மீட்டர் கணக்காகவே தருகின்றன. உலகத்தை ஆறு ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை அது. 78 டிகிரி தீர்க்கத்தில் ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்குவதால் தமிழ்நாடு இரண்டாகப் பிரிகிறது. கோயம்புத்தூரும் ஈரோடும் நாகர்கோவிலும் 43-ஆம் பட்டையில், மதுரையும் திருச்சியும் சென்னையும் 44-ஆம் பட்டையில். ஒரு பட்டையின் எண்ணையும் மற்றப் பட்டையின் எண்ணையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் வரும் விடை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தப்பாக இருக்கும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடுவதால் ஆபத்தும் குறைவு.

ஆபத்தானது வேறொன்று. தஞ்சாவூர்ப் பக்கம் யு.டி.எம். கிழக்கு எண் ஏறக்குறைய மூன்று லட்சம் மீட்டர், வடக்கு எண் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். நூறு மீட்டர் வயலுக்கு இவ்வளவு பெரிய எண்கள். ஒரு கோட்டின் சாய்வு 2/3 என்று வருகிறது. அதைத் தாளில் 0.67 என்று எழுதிக்கொள்கிறார். வெட்டுத்துண்டை மட்டும், கணிப்பானில் இருந்த முழு எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார். 0.67-க்கும் 2/3-க்கும் வித்தியாசம் 0.0033 தான். ஆனால் அது மூன்று லட்சத்தால் பெருக்கப்படும்போது, கோடு வயலை விட்டு வடக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. வழி எளிது: எல்லா எண்களில் இருந்தும் A கல்லின் எண்களை முதலிலேயே கழித்துவிட வேண்டும். A கல் (0, 0) ஆகிவிடும், மற்ற எண்கள் எல்லாம் இரண்டு மூன்று இலக்கத்துக்குள் அடங்கும், சாய்வையும் பின்னமாகவே வைத்துக்கொள்ளலாம்.

கற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பத்து மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கற்களை வைத்துச் சமன்பாடு எழுதி, அதையே நூறு மீட்டர் நீட்டி அங்கே தூரம் பார்த்தால், ஒரு கல் ஐந்து சென்டிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அந்தக் கோடியில் கோடு அரை மீட்டர் விலகியிருக்கும். இரண்டு கற்களுக்கு நடுவே விழும் புள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லின் பிழையைவிட அங்கே கோட்டின் பிழை பெரிதாகாது. பழைய சர்வேயர்கள் ஜி லைனை வயலின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு நீளமாக இழுத்ததில் இந்தப் புத்திசாலித்தனம் இருக்கிறது.

கல்லே காணாமல் போயிருந்தால் கணக்கை எதிர்த்திசையில் போட வேண்டும். ஆவணத்தில் இருப்பது 60-இல் இடம் 10. A கல்லும் B கல்லும் நிற்கின்றன. A கல்லில் இருந்து கோட்டின் வழியே 60 மீட்டர் என்றால் கிழக்கே 48, வடக்கே 36. வந்து சேரும் இடம் (68, 46). அங்கிருந்து இடப்பக்கம் செங்குத்தாக 10 மீட்டர் என்றால் மேற்கே 6, வடக்கே 8. கல் இருக்க வேண்டிய இடம் (62, 54).

அந்த இடத்தில் முளை அடித்த பிறகு, செங்குத்தை நம்பாமல் ஒரு சோதனை செய்கிறார்கள். A கல்லில் இருந்து முளைக்கு நேராக டேப் பிடித்தால் 60-இன் வர்க்கமும் 10-இன் வர்க்கமும் சேர்ந்து எடுத்த வர்க்கமூலம், 60.83 மீட்டர் வர வேண்டும். B கல்லில் இருந்து பிடித்தால் 40-ஐயும் 10-ஐயும் வைத்து 41.23. இரண்டும் ஒத்துவந்தால் குழி தோண்டலாம். முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது ஒத்துவராவிட்டால், முளையைத் தொடுவதற்கு முன் B கல் தன் பழைய இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு A கல்லில் இருந்து B கல்லுக்கு அளந்து, ஆவணத்தில் உள்ள 100 மீட்டர் வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.